ஒரு ‘வேணம்’, ஒரு ‘வேணாம்’

காது மிஷின் போட்ட பதினோராம் நாள், என் பெரியப்பாவுக்கு ஒரு ஜீப் வாடகை போயிற்று.

பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு போன் வந்தது. காய் எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த வாரம் அது. பேசியவர் மலையாளி சூப்பர்வைசர். “அண்ணா, நாளெ ஒரு ஜீப்பு கூடி வேணம்.” பெரியப்பா “சரி, சரி” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். மறுநாள் விடிவதற்கு முன் வழக்கமான ஜீப் மட்டும் போடிமெட்டு ஏறியது. கூடுதலாக வரச்சொல்லியிருந்த பெண்கள் தூக்குச்சட்டியோடு ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். மலையாளத்தில் ‘வேணம்’ என்றால் வேண்டும். பெரியப்பா காதில் விழுந்தது ‘வேணாம்’.

முப்பது வருடத்துக்கு மேல் அந்த மலையில் ஜீப் ஓட்டியவர் அவர். ‘வேணம்’ அவருக்குத் தெரியாத சொல் இல்லை. “சத்தம் நல்லாத்தாம்மா கேட்டுச்சு. வார்த்தைதான் வேறயா விழுந்துருச்சு” என்றார் என்னிடம். மிஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். “இனி இது எதுக்கு?”

புதிதாகக் காது மிஷின் வாங்கிய எத்தனையோ வீடுகளில் கதை இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. மிஷின் பீரோவுக்குள் போய்விடும். எங்கள் வீட்டில் அப்படி ஆகாததற்குக் காரணம் பெரியம்மா. அவருடைய பிடிவாதமும் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஆறு வாரத்தில் என்ன செய்தன என்பதை, சனிக்கிழமைகளில் மதுரையிலிருந்து போடி ரயிலேறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் அவர் காதைப் பற்றி. கேட்புச் சோதனைத் தாளில் கோடு இடது பாதியில் ஓரளவு சமமாகப் போகிறது. 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மெட்டு இறக்கம் மாதிரி விழுந்துவிடுகிறது. கனத்த ஒலிகள் கேட்கும், மெல்லிய கூர்மையான ஒலிகள் கேட்காது என்பது இதற்கு அர்த்தம். பேச்சில் உயிரொலிகளின் பலமும் ம, ன போன்ற மூக்கொலிகளும் கனத்த பக்கத்தில் இருக்கின்றன. ச, ஸ போன்றவையும், க, த, ப மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணிய வெடிப்பும் கூர்மையான பக்கத்தில் இருக்கின்றன. அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் “பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல” என்கிறார்கள். மிஷின் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஆனால் உள்காதில் தேய்ந்துபோன மயிர்ச்செல்களை அது திரும்ப முளைக்க வைக்காது. வந்து சேரும் ஒலி பலமாக இருந்தாலும் கொஞ்சம் கலங்கியே இருக்கும். அந்தக் கலங்கலிலிருந்து சொல்லை எடுப்பது மூளையின் வேலை. பல வருடமாகக் கேட்காத ஒலிகளைத் திரும்பப் பழக அதற்குச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூடப் பிடிக்கின்றன.

அந்த வேலையில் மூளைக்குப் பெரிய துணை கண்.

கண் தருவதும் காது தருவதும்

கண்ணாடி முன்னால் நின்று ‘பட்டு’ என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். பிறகு ‘மட்டு’ என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது. கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் ‘ம’வின் மூக்கொலி கனத்த ஒலி, பெரியப்பாவின் காதுக்கே கேட்கும். இப்போது ‘பட்டு’, ‘கட்டு’ இரண்டையும் சொல்லுங்கள். அவர் காதுக்கு இவை இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ‘பட்டு’வுக்கு உதடு மூடுகிறது, ‘கட்டு’வுக்கு மூடுவதில்லை. கண் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடும்.

இதில் ஓர் அதிர்ஷ்டமான பொருத்தம் இருக்கிறது. வயதாலும் இரைச்சலாலும் பழுதான காது தவறவிடுவது, ஒலி வாயில் எந்த இடத்தில் பிறந்தது என்ற செய்தியை. உதடு காட்டிக்கொடுப்பதும் அதே செய்தியைத்தான். உதடு மறைப்பது மூக்கொலியா, குரல் சேர்ந்த ஒலியா என்ற செய்தியை. பழுதான காதிலும் தங்கியிருப்பது அது. உதட்டை மட்டும் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வது மிகச் சிலருக்கே கைவரும். அரைகுறைக் காதோடு உதடும் சேரும்போது, இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் வருவதைவிட அதிகம் கிடைக்கிறது. இரைச்சல் கூடக் கூட, முகத்தைப் பார்ப்பதால் வரும் லாபமும் கூடுகிறது என்பதை சம்பி, போலாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1954-லேயே சோதித்துக் காட்டினார்கள். மூளை இதை நம் அனுமதி கேட்டுச் செய்வதில்லை. 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் ஒரு படத்தில் வாய் ‘க’ சொல்ல, ஒலியில் ‘ப’ வரும்படி ஒட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் கேட்டதாகச் சொன்னது இரண்டும் இல்லாத ‘த’.

உதடு படிக்கக் கற்றுத்தரும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே போடிக்குக் கொண்டுவந்தால் உதவாது. ஆங்கிலத்தில் பல்லும் உதடும் சேரும் ஒலிகளும், பல்லுக்கிடையில் நாக்கு எட்டிப்பார்க்கும் ஒலியும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தமிழில் பெரும்பகுதி வேலை வாய்க்குள்ளேயே நடந்துவிடுகிறது. ல, ள, ட, ண, ன, ர எதுவும் வெளியே தெரிவதில்லை. இதன் விலை சாதாரணப் பேச்சில் வந்து விழுகிறது. ‘வந்தான்’ என்பதை நாம் எழுதுகிற மாதிரி சொல்வதில்லை, கடைசி ‘ன்’ மூக்கிலேயே கரைந்துவிடும். ‘வந்தாள்’ என்பது பேச்சில் ‘வந்தா’. இரண்டுக்கும் நடுவே மிஞ்சியிருப்பது லேசான ஒரு மூக்குச் சாயல் மட்டும். உதட்டில் வித்தியாசமே இல்லை. வந்தது பையனா பொண்ணா என்று பெரியப்பா கேட்கும்போதெல்லாம் வீட்டில் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. தமிழ் அவருக்கு அந்தச் செய்தியைத் தரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் தமிழ் தாராளமாகக் கொடுக்கிற இடங்களும் உண்டு. ‘வேணும்’, ‘வேணாம்’ இரண்டையும் எதிரே இருப்பவர் முகத்தில் பாருங்கள். முதலாவதில் தாடை அசையாமல் சொல் குறுகி முடிகிறது. இரண்டாவதில் ‘ணா’வுக்கு வாய் திறந்தாக வேண்டும். ‘பட்டி’, ‘வட்டி’ இரண்டும் அப்படித்தான். ஒன்றில் இரண்டு உதடும் ஒட்டும், மற்றதில் மேற்பல் கீழுதட்டைத் தொட வரும். ‘அம்பது’, ‘எம்பது’ கொஞ்சம் கஷ்டமான ஜோடி. ‘அ’வுக்கு வாய் கீழே இறங்கும், ‘எ’வுக்கு உதடு பக்கவாட்டில் விரியும். மெதுவாகச் சொன்னால் தெரியும், அவசரத்தில் தெரியாது. ஏலக்காய் ஊரில் இந்த ஜோடி சாதாரண விஷயமல்ல. கிலோ ரெண்டாயிரத்து அம்பதை எம்பது என்று கேட்டுக்கொண்டால், நூறு கிலோவுக்கு மூவாயிரம் ரூபாய் கணக்கு இடிக்கும்.

இந்த ஜோடிகள்தான் பெரியம்மாவின் நோட்டில் முதல் பக்கம். மிஷினைப் பொருத்திக்கொடுத்த ஆடியாலஜிஸ்ட் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார்: பொதுவான வார்த்தைப் பட்டியல் எதுவும் வேண்டாம், அன்றன்று எந்த வார்த்தை தடுக்கியதோ அதை எழுதுங்கள், எதோடு குழம்பியதோ அதைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் இருபத்திரண்டு ஜோடிகள் சேர்ந்தன. சாயங்காலம் ஐந்து நிமிடம் பெரியம்மா அவற்றை மாற்றி மாற்றிச் சொல்வார், பெரியப்பா எது என்று சொல்வார். முதலில் எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து. பிறகு பெரியம்மா நாற்காலியைப் பெரியப்பாவுக்கு இடப்பக்கம், அதாவது நல்ல காதுப் பக்கம் போட்டுக்கொண்டு, முகம் தெரியாமல். முகம் தெரியும்போது சரியாகி, தெரியாதபோது தப்பாகும் ஜோடி கண்ணை நம்பியிருக்கிறது. இரண்டிலும் தப்பாகும் ஜோடியை விட்டுவிட வேண்டும். அதற்குப் பயிற்சி பயன்படாது, வேறு வழிதான் வேண்டும்.

பத்து நிமிடப் பேப்பர்

ஜோடிகளைவிட அதிகம் உதவியது பேப்பர் வாசிப்பு. இதற்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1978-இல் டி ஃபிலிப்போ, ஸ்காட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த முறை இது. ஒருவர் ஒரு துண்டு வாசிக்க வேண்டும், மற்றவர் அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும். முழுசும் சரியாக வந்த பிறகுதான் அடுத்த துண்டு. பத்து நிமிடம் முடிந்ததும் எத்தனை சொல் கடந்தது என்று எண்ணி, பத்தால் வகுத்தால் ஒரு நிமிட வேகம் கிடைக்கும். பெரியப்பாவுக்கு முதல் நாள் வந்தது நிமிடத்துக்கு 11 சொல். ஆங்கிலத்தில் இதற்கு வேறு எண்கள் சொல்வார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் அவற்றோடு ஒப்பிட்டு மனம் சோர வேண்டியதில்லை. நேற்றைய நம்மோடு இன்றைய நம்மை ஒப்பிட்டால் போதும்.

திண்ணையில் உட்கார்ந்துதான் வாசிப்பு. வெளிச்சம் பெரியம்மா முகத்தில் விழ வேண்டும், பெரியப்பா முகத்தில் அல்ல. வாசிப்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் நிழலாகிவிடும். இடைவெளி மூன்று நான்கு அடி. முதலில் துண்டைக் கண்ணால் படித்துக்கொண்டு, பிறகு தலையை நிமிர்த்திச் சொல்ல வேண்டும். பேப்பரைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் வாய் பேப்பருக்குள் போய்விடும். பெரியம்மாவுக்கு இது பழக நான்கு நாள் ஆனது. வெற்றிலை போட்டுக்கொண்டு வாசிப்பதை விட மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

இரண்டாம் சனிக்கிழமை நான் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன்.

“வைகை அணையின் நீர்மட்டம் நேற்று அறுபத்திரண்டு அடியாக இருந்தது” என்றார் பெரியம்மா.

“வைகை அணையின் நீர்மட்டம் நேத்து எழுபத்திரண்டு அடியா இருந்துச்சு.”

பெரியம்மா சத்தத்தைக் கூட்டவில்லை. அதே வாக்கியத்தை, அணைக்குப் பிறகும் நேற்றுக்குப் பிறகும் ஒரு மூச்சு விட்டு, இன்னொரு தடவை சொன்னார். பெரியப்பா மறுபடியும் எழுபத்திரண்டு என்றார். பெரியம்மா வாக்கியத்தை மாற்றினார்: “அணை நிறைய இன்னும் ஒம்பது அடி வேணும்.” பெரியப்பா ஒரு கணம் நின்றார். “அட, அணையே எழுபத்தொண்ணுதான? எழுபத்திரண்டு எப்பிடி வரும்! அறுபத்திரண்டு.”

இந்த முறையின் சாரம் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. காது தவறாகக் கேட்டது, உதடும் காட்டிக்கொடுக்கவில்லை. ‘அறுபது’, ‘எழுபது’ இரண்டும் பேச்சில் அறுவது, எழுவது என்றாகி ஒன்றுபோல் ஓடுபவை. ஊர்க்காரருக்குத் தெரிந்த 71 அடி என்ற கணக்கு அதைத் திருத்தியது. பேச்சில் பாதி எப்போதும் இப்படித்தான் நிரம்புகிறது. ஏலம் என்றால் செடியும்தான், விலை கூறுவதும்தான். போடியில் “ஏலத்துக்குப் போயிருக்காரு” என்றால் தோட்டத்துக்கா, ஏலக்கூடத்துக்கா என்பதை நல்ல காது உள்ளவரும் சூழ்நிலையை வைத்துத்தான் முடிவுசெய்கிறார். ஊகிப்பது ஏமாற்று வேலை என்று பெரியப்பா நினைத்துக்கொண்டிருந்தார். ஊகித்ததைச் சரிபார்க்காமல் விடுவது மட்டுமே தவறு என்பது மூன்றாம் வாரத்தில் பிடிபட்டது.

வாசிப்பவருக்கான ஏணி இதுதான்: முதலில் அதையே நிதானமாக இன்னொரு முறை. பிறகு வேறு சொற்களில். அப்படியும் வராவிட்டால் எதைப் பற்றியது என்று ஒரு சொல் துப்பு. கடைசியாக விரல் அல்லது பேனா. கத்துவது இந்த ஏணியில் எங்கும் இல்லை. கத்தும்போது ஏற்கெனவே கேட்கிற உயிரொலிகள்தான் பெருகுகின்றன. தேவையான மெல்லிய ஒலிகள் பின்னால் தங்கிவிடுகின்றன, வாயும் கோணி உதட்டைப் படிக்க முடியாமல் போகிறது. அதற்கு மாறாக, சொற்றொடர்களுக்கு நடுவே மூச்சு விட்டுத் தெளிவாகப் பேசுவது எவ்வளவு உதவும் என்பதை 1985-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அளந்தார்கள். காது மந்தமானவர்களுக்கு நூற்றுக்கு 17 சொல் அளவுக்குக் கூடுதலாகப் புரிந்தது. ஆனால் மனைவி தெளிவாகப் பேசுவது ஐந்து நிமிடத்தில் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அது மனித இயல்பு. திரும்பும்போது கோபப்படாமல் நினைவுபடுத்த ஒரு சைகை வேண்டும். இவர்கள் வீட்டில் அது, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக இரண்டு தடவை அசைப்பது. ஜீப்பை மெதுவாக்கச் சொல்லும் அதே சைகை.

வாசிப்பு வேகம் இரண்டாம் வாரம் 14, மூன்றாம் வாரம் 13, ஐந்தாம் வாரம் 21. மூன்றாம் வாரம் ஏன் இறங்கியது என்பதை நோட்டே காட்டிக்கொடுத்தது. அந்த வாரம் சாரல், காலைச் சோதனையில் ‘ஸ்’ நான்கு நாள் விழவில்லை. காலைச் சோதனை என்பது ஆறு ஒலி: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். மிஷினைப் போட்டதும் பெரியம்மா ஓரடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று, வாய் தெரியாமல், வரிசை மாற்றி இவற்றைச் சொல்வார். டேனியல் லிங் என்ற கனடா நாட்டுக் கல்வியாளர் பெயரில் வழங்கும் சோதனை அது. கனத்த ஒலியிலிருந்து கூர்மையான ஒலி வரை பேச்சின் முழு அகலத்தையும் இந்த ஆறும் தொட்டுவிடும். நேற்று கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லை என்றால் குற்றம் காதில் இருப்பதைவிட மிஷினின் குழாயில் இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரியப்பாவின் குழாயில் ஈரம் கோத்திருந்தது. அதற்குப் பிறகு மிஷின் ராத்திரிகளில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் தூங்குகிறது. மலையேறிப் போகிறவர்களுக்கு இது வெயில் நாளிலும் தேவை, வியர்வையும் ஈரம்தானே.

“என்ன?” என்ற கேள்வி

பயிற்சியெல்லாம் வீட்டுக்குள். வெளியே போனால் பெரியப்பாவிடம் இருந்தவை இரண்டே சொற்கள். புரியாவிட்டால் “என்ன?”. அதற்குமேலும் புரியாவிட்டால் “சரி, சரி”. இரண்டாவதால்தான் ஜீப் போனது. முதலாவதிலும் நஷ்டம் உண்டு. “என்ன?” என்று கேட்டால் எதிராளிக்கு எது விழவில்லை என்று தெரியாது. முழு வாக்கியத்தையும், சத்தமாக, கொஞ்சம் எரிச்சலோடு திரும்பச் சொல்வார். போன தடவை விழாத அதே இடம் இந்தத் தடவையும் விழாது.

அதற்குப் பதில் கேட்ட பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். “வியாழக்கிழமைங்கிறது விழுந்துச்சு. எத்தனை மணிக்கு?” என்று கேட்டால் எதிராளி ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் மணிக்கணக்காகத்தான் இருக்கும் என்பதும் கேட்பவருக்கு முன்கூட்டியே தெரியும். காத்திருக்கும் காதில் சொல் எளிதாக விழும். எண்ணாக இருந்தால் இரண்டு விடைகளை நீட்டிக் கேட்கலாம்: “அஞ்சு சைபரா, எட்டு சைபரா?” பையனா பொண்ணா என்ற குழப்பத்துக்கும் இதே வழிதான்: “யாரு, தம்பியா தங்கச்சியா?” உதடும் காதும் கைவிட்ட ஜோடிகளுக்கு வேறு வழி வேண்டும் என்றேனே, அது இதுதான்.

உட்காரும் இடத்தையும் அவர் மாற்றிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் நண்பர்கள் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவது வழக்கம். காது மந்தமானவருக்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. முகம் தெரியாது, இரைச்சல் நேர் எதிரே. அவருடைய மிஷின் முன்னாலிருந்து வருவதைக் கூட்டி, பின்னாலிருந்து வருவதைக் கொஞ்சம் அடக்கும் வகை. அதனால் இப்போது ஸ்டூலை எடுத்து ரோட்டுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொள்கிறார். நண்பர்கள் முகம் எதிரே, பஸ் பின்னால். நெருங்கி உட்காருவதற்கும் கணக்கு இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் பேச்சு 6 டெசிபல் இறங்கும். நாலடியிலிருந்து ரெண்டடிக்கு ஸ்டூலை இழுத்தால் இரைச்சல் கூடாமலேயே குரல் மட்டும் அந்த அளவு ஏறும். ஒரு நண்பருக்கு மேலுதட்டை மூடிய மீசை. அவர் பேசும்போது மட்டும் பெரியப்பா காதை நீட்டுகிறார். மீசையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டாயிற்று, நடக்கவில்லை.

எல்லாம் நடந்துவிடும் என்று எழுத மாட்டேன். ஓடும் ஜீப்பில் பேச்சு நடக்காது. டிரைவர் திரும்பிப் பார்க்கவும் கூடாது, எனவே நின்ற பிறகுதான் பேச்சு. கல்யாண மண்டபத்தில் மேளம் தொடங்கினால் பெரியப்பா வெளியே வந்துவிடுகிறார். வீடியோ காலில் முகம் தெரியுமே என்று முயன்றோம். மலையில் சிக்னல் தடுமாறி உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போனபோது வெறும் குரலைவிட அதிகமாகக் குழப்பியது. இப்படிப்பட்ட பயிற்சி, பழகிய குரலிலும் பழகிய சொற்களிலும் தரும் முன்னேற்றம் பழகாத இடங்களுக்கு முழுசாகப் போய்ச் சேர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேத்தி வாசித்தபோது வேகம் 21-லிருந்து 15-க்கு இறங்கியது. அதனால் இப்போது வாரத்தில் இரண்டு நாள் பேத்தி வாசிக்கிறாள்.

மூன்று நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும், அமைதியான வீட்டில், முகம் தெரிய, கைக்கெட்டும் தூரத்தில்கூட வேகம் நகரவே இல்லை என்றால் அதைப் பயிற்சியின் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மிஷினின் அமைப்பு அந்தக் காதுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். நோட்டோடு ஆடியாலஜிஸ்டிடம் போக வேண்டும். “சரியா கேக்கல” என்று சொல்வதைவிட “ஸ், ஷ் ரெண்டும் விழல, பானை உருளுற சத்தம் மட்டும் காதைக் கிழிக்குது” என்று சொன்னால் அவர் எதைத் திருத்த வேண்டும் என்று தெரியும். ஒரு காது திடீரென்று ஒரே நாளில் அடைத்துக்கொண்டால் கதையே வேறு. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாள் கடந்தால் மருந்துக்குப் பலன் குறையும்.

ஆறாம் வாரம் சனிக்கிழமை நான் திண்ணையில் இருந்தபோது பூப்பாறையிலிருந்து போன். பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். “சரி” என்று வாய் வரை வந்ததை நான் பார்த்தேன். நிறுத்திக்கொண்டு கேட்டார்: “அப்ப திங்கக்கிழமை மொத்தம் மூணு ஜீப்பு. இப்ப போற ரெண்டும், கூட ஒண்ணு. சரிதான?”

“அதே அண்ணா, மூணு.”

“அதையே ஒரு மெசேஜும் போட்டுருங்க.”

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். ‘வேணம் – வேணாம்’ ஜோடியின் எதிரே ஒரு டிக் போட்டார். அதே பக்கத்தில் ‘வந்தான் – வந்தா’வுக்கு எதிரே ஆறு வாரமும் பெருக்கல் குறிதான். ஏழாவது கட்டத்தைப் பெரியம்மா காலியாகக் கோடு போட்டு வைத்திருந்தார்.